தாம்பூலம் மாற்றும் முன் சொல்லவேண்டியது

வலிப்பு நோய்க்கு மாத்திரை சாப்பிடும் பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது, வீட்டில் யாராவது ஒரு பெரியவர் சொல்லிவிடுவார்: “கல்யாணம் முடியட்டும், அப்புறம் பக்குவமா சொல்லிக்கலாம்.” பாசத்தில் சொல்வதுதான். ஆனால் மறைப்பதாலேயே வலிப்பு வரக்கூடும்.

கல்யாண வாரத்தை நினைத்துப் பாருங்கள். இரவு வரவேற்பு, விடியற்காலை முகூர்த்தம், நடுவில் இரண்டு மணி நேரத் தூக்கம். அடுத்த நாள் புகுந்த வீடு. மாத்திரையை யார் கண்ணிலும் படாமல் விழுங்கவேண்டும். ஒரு வேளை தவறுகிறது, மறு வேளையும் தவறுகிறது. தூக்கம் கெடுவதும் மாத்திரை விடுபடுவதும் வலிப்பைத் தூண்டும் முக்கியமான காரணங்கள். பல வருடம் வராமலிருந்தது அப்போது வந்தால், விஷயம் தெரியாத வீட்டார் பதறிப்போய்க் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பார்கள், வாயில் தண்ணீர் ஊற்றுவார்கள். தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போனால் உயிருக்கே ஆபத்து. ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் வைக்காமல், ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 108-ஐ அழைக்கவேண்டும் என்பது முன்பே தெரிந்திருந்தால் போதும்.

பெண் பார்க்க வந்த அன்றே கூடத்தில் எல்லார் முன்னும் சொல்லத் தேவையில்லை. இருவருக்கும் பிடித்துப்போய், நிச்சயத்துக்கு நாள் குறிப்பதற்கு முன் சொல்வதுதான் சரியான நேரம். முதலில் சம்பந்தப்பட்டவரே துணையாக வரப்போகிறவரிடம் சொல்லவேண்டும். பெற்றோர் பேச்சு அதன் பிறகு. தரகர் வழியாகச் சொல்லியனுப்பினால் செய்தி திரிந்துதான் போய்ச் சேரும்.

“எனக்கு அப்பப்போ மயக்கம் வரும்” என்று பூசி மெழுகினால் அது சொன்னதாகாது. இருபத்தாறு வயதுப் பெண் ஒருத்தி இப்படிச் சொல்லலாம்: “பதினாறு வயசுல ஃபிட்ஸ் ஆரம்பிச்சுது. கடைசியா வந்து நாலு வருஷமாச்சு. லெவெடிராசெட்டம் 500 மில்லிகிராம், காலையும் ராத்திரியும் சாப்பிடறேன். நிறுத்தச் சொல்லி டாக்டர் இன்னும் சொல்லல. நீங்களும் ஒரு தடவை வந்து அவரைப் பாருங்க.”

அந்தச் சந்திப்பில் குழந்தைப் பேச்சு கட்டாயம் வரவேண்டும். வலிப்பு உள்ளவர்களின் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அந்த நோய் வருவதில்லை. ஆனால் வால்ப்ரோயேட் என்ற மருந்து கருவைக் கடுமையாகப் பாதிக்கக்கூடியது. அதைச் சாப்பிடும் பெண்ணுக்குக் கர்ப்பத்துக்குப் பல மாதம் முன்பே மருத்துவர் மருந்தை மாற்ற வேண்டியிருக்கும். மருந்தையே மறைத்தவரால் இதற்கு எப்படித் திட்டமிட முடியும்?

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு காலத்தில் இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பே திருமணத்துக்குத் தடையாக இருந்தது; 1999-இல் அதை நீக்கிவிட்டார்கள். ஆனால் முக்கியமான உண்மையை மறைத்துச் சம்மதம் வாங்கியதாகக் காட்டினால், அதே சட்டத்தின் 12-வது பிரிவின்படி, தெரியவந்த ஓராண்டுக்குள் திருமணத்தை ரத்து செய்யக் கேட்டு வழக்குப் போடலாம். தடையல்லாத ஒரு நோய், மறைக்கப்பட்டதால் வழக்காகிறது. ஆகவே பெற்றோரே, மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் மருந்துச் சீட்டோடு இருவரையும் நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பிவையுங்கள்.