எம்.சி.யில் மூன்று நாள், சம்பளச் சீட்டில் எத்தனை நாள்?

இங்கே கூடியிருக்கும் எல்லாரும் ஒரு முறையாவது மருந்தகத்தில் எம்.சி. வாங்கியிருப்பீர்கள். அதை முதலாளியிடம் கொடுத்துவிட்டால் நம் வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறோம். அந்தச் சீட்டு அதன் பிறகு எங்கே போகிறது, அதை யார் எப்படிப் படிக்கிறார், படிப்பதில் பிழை வந்தால் யாருக்கு நட்டம் என்பதைப் பற்றித்தான் நான் பேச வந்திருக்கிறேன். சின்னக் கடைகளுக்கும் உணவகங்களுக்கும் பல ஆண்டுகளாகச் சம்பளக் கணக்கு எழுதுபவன் நான். அந்தப் பிழையைச் செய்தவனும் நானே. ஆகவே அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

சிராங்கூன் சாலைக்கு அருகில் ஓர் உணவகம். அங்கே ஒரு சமையல்காரர். மாதச் சம்பளம் 2,600 வெள்ளி. வாரத்தில் ஆறு நாள் வேலை, செவ்வாய்க்கிழமை ஓய்வு. 2024ஆம் ஆண்டு தீபாவளி அக்டோபர் 31, வியாழக்கிழமை வந்தது. அதற்கு முதல் நாள், புதன்கிழமை காலையில், அவருக்குக் கடுமையான காய்ச்சல். உடனே மேலாளருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு மருந்தகத்துக்குப் போனார். மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டில் ‘3 நாள், 30/10/2024 முதல் 01/11/2024 வரை’ என்று இருந்தது.

அந்தச் சீட்டு என் மேசைக்கு வந்தது. அக்டோபர் மாத வருகைப் பதிவேட்டை எடுத்தேன். 30ஆம் தேதிக்கு நேராக நோய் விடுப்பு என்றும், 31ஆம் தேதிக்கு நேராகப் பொது விடுமுறை என்றும் குறித்தேன். அதோடு அக்டோபர் முடிந்தது. சீட்டை அக்டோபர் கோப்பில் போட்டு மூடிவிட்டேன்.

நவம்பர் மாதக் கணக்கை எடுத்தபோது 1ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, கைரேகைப் பதிவு இல்லை. கையில் சீட்டும் இல்லை. ‘வரவில்லை’ என்று குறித்தேன். நவம்பரில் அவருக்கு 26 வேலை நாள்கள். 2,600 வெள்ளியை 26ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 100 வெள்ளி. அதைப் பிடித்தேன்.

பிழை அத்துடன் நிற்கவில்லை. பொது விடுமுறைக்கு முந்திய வேலை நாளிலோ அடுத்த வேலை நாளிலோ அனுமதியும் தகுந்த காரணமும் இல்லாமல் வராதவருக்கு, அந்த விடுமுறைக்கான சம்பளம் கிடையாது என்று நம் வேலை நியமனச் சட்டம் சொல்கிறது. தீபாவளிக்கு மறுநாள் அவர் வரவில்லை என்று என் ஏடு சொன்னது. ஆகவே தீபாவளிக்குக் கொடுத்த 100 வெள்ளியையும் திரும்பப் பிடித்தேன். ஆக மொத்தம் 200 வெள்ளி.

சம்பளச் சீட்டோடு அவர் வந்து நின்றார். “காய்ச்சலில் படுத்ததற்கு 200 வெள்ளி அபராதமாண்ணே?” என்று கேட்டார். கைப்பேசியில் எம்.சி.யைப் படம் எடுத்து வைத்திருந்தார். அந்தப் படம் இல்லாவிட்டால் என் ஏடுதான் உண்மை என்று நானே நம்பியிருப்பேன். அடுத்த சம்பளத்தோடு பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம்.

இதில் தேதியை நான் தப்பாகப் படிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். சரியாகப் படித்தேன். சரியான இடத்தில் சேர்க்கவில்லை. எம்.சி. என்பது ஒரு தாள். வருகைப் பதிவேடோ நாள் நாளாக ஓடுவது. தாளைத் தாளாகவே கோப்பில் வைத்தால் மாதம் மாறும் இடத்தில் அது தொலைந்துபோகும். அதற்குப் பிறகு நான் முறையை மாற்றிக்கொண்டேன். ஒரு சீட்டு வந்தவுடன், அதில் எத்தனை நாள் இருக்கிறதோ அத்தனை வரிகளாக அதைப் பிரித்து எழுதிவிடுவேன். மேலே சொன்ன சீட்டுக்கு மூன்று வரி: அக்டோபர் 30, அக்டோபர் 31, நவம்பர் 1. மூன்றாவது வரி, நவம்பர் ஏடு இன்னும் திறக்கப்படாவிட்டாலும், அதற்காகக் காத்திருக்கும்.

பிரித்து எழுதுவதற்கு முன் ஒரு சரிபார்ப்பு உண்டு. எம்.சி.யில் பொதுவாக மூன்று செய்திகள் இருக்கும்: எந்தத் தேதி முதல், எந்தத் தேதி வரை, எத்தனை நாள். இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். கடைசித் தேதியிலிருந்து முதல் தேதியைக் கழித்து ஒன்றைக் கூட்டினால் நாள்களின் எண்ணிக்கை வர வேண்டும். அந்த ஒன்றைக் கூட்ட மறப்பவர்கள் நிறைய. 4ஆம் தேதி முதல் 6ஆம் தேதி வரை என்றால் இரண்டு நாள் அல்ல, மூன்று நாள். 6ஆம் தேதியும் ஓய்வு நாளே. கையால் எழுதிய சீட்டில் 1 என்பதும் 7 என்பதும் ஒன்றுபோலத் தெரியும்போது இந்தக் கணக்குத்தான் கைகொடுக்கும். மூன்றும் பொருந்தாவிட்டால் நாமாக ஊகிக்கக் கூடாது. சீட்டில் உள்ள எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்து மருந்தகத்தையே கேட்க வேண்டும்.

சீட்டில் நான்காவதாக இன்னொரு தேதியும் இருக்கும். அது சீட்டு கொடுத்த தேதி. அவசரத்தில் அதையே விடுப்புத் தொடங்கும் தேதியாக எடுத்துவிடுவது உண்டு. இரவு எட்டு மணிக்கு, வேலை முடிந்து மருத்துவரைப் பார்த்தவருக்கு அடுத்த நாளிலிருந்துதான் ஓய்வு எழுதியிருக்கலாம். ஆகவே ‘முதல்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் உள்ள தேதியை மட்டுமே எடுங்கள். மருந்தகத்துக்கு வந்துபோன நேரத்தை மட்டும் காட்டும் சீட்டும் உண்டு. அது எம்.சி. அல்ல, அதில் ஓய்வு நாள் எதுவும் இல்லை.

வரிகளாகப் பிரித்த பிறகு ஒவ்வொரு நாளையும் வேலை அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். அன்பர் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். “எம்.சி.யில் மூன்று நாள் என்றால் என் 14 நாளில் மூன்றும் போய்விடுமா?” நல்ல கேள்வி. ஆறு மாதம் வேலை செய்து முடித்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள் சம்பளத்துடன் கூடிய நோய் விடுப்பு உண்டு. மருத்துவமனையில் தங்க வேண்டிவந்தால் 60 நாள் வரை. அந்த 14 நாளும் இந்த 60க்குள் அடங்கும். ஆனால் ஓய்வு நாள், பொது விடுமுறை, வேலை இல்லாத நாள் ஆகியவற்றில் நோய் விடுப்பு கழிக்கப்படுவதில்லை. அன்று அவர் வேலைக்கு வரவேண்டியதே இல்லையே.

நம் சமையல்காரரின் கணக்கைப் பாருங்கள். மருத்துவர் சொன்னது மூன்று நாள் ஓய்வு. அதில் தீபாவளி பொது விடுமுறை, அதற்கு விடுமுறைச் சம்பளம். 14 நாளில் கழிய வேண்டியது புதனும் வெள்ளியும், அதாவது இரண்டு நாள் மட்டுமே. சீட்டில் உள்ள எண்ணை அப்படியே விடுப்பு ஏட்டில் எழுதினால் அவருக்கு ஒரு நாள் வீணாகும். அந்த இழப்பு அன்றைக்குத் தெரியாது. ஆண்டுக் கடைசியில் மீண்டும் காய்ச்சல் வரும்போது, விடுப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்லும்போதுதான் தெரியும்.

அடுத்தது, எதிர்ப்பக்கத்துச் சிக்கல். எம்.சி. உள்ள நாளில் கைரேகைப் பதிவும் இருக்கிறது. இதைப் பார்த்தவுடன் ஏமாற்று என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எம்.சி.யைக் கொடுக்க வந்தவர் பழக்கத்தில் விரலை வைத்திருக்கலாம். உள்ளே வந்த பதிவுக்கும் வெளியே போன பதிவுக்கும் இடையே ஐந்து நிமிடம்தான் இருக்கும். காலையில் வேலைக்கு வந்து, மதியம் முடியாமல் மருந்தகத்துக்குப் போனவரும் இருக்கலாம். அவருடைய வெளியேறும் நேரமும் சீட்டு கொடுத்த தேதியும் ஒத்துப்போகும்.

ஆனால் மூன்று நாள் எம்.சி.யில் மூன்று நாளும் முழுப் பொழுது பதிவு இருந்தால் அது வேறு கதை. ஓய்வில் இருக்க வேண்டியவர் வேலை செய்திருக்கிறார். அவராக வந்தாரா, வரச் சொன்னார்களா என்று கேட்க வேண்டும். கட்டுமானத் தளங்களில் இது உடம்பையே பாதிக்கும் செய்தி.

‘இலகு வேலை’ என்று எழுதிய சீட்டையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2011இல் வெளிநாட்டுக் கட்டுமான ஊழியர் ஒருவருக்குக் கை எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை நடந்தது. அவருக்கு இரண்டு நாள் மட்டும் மருத்துவ விடுப்பு கொடுத்து, அதன்பின் இலகு வேலை செய்யலாம் என்று எழுதப்பட்டது. விவகாரம் மருத்துவ மன்றத்துக்கும், பிறகு உயர் நீதிமன்றத்துக்கும் போனது. 2016இல் மூன்று நீதிபதிகள் அந்த மருத்துவர் ஆறு மாதம் தொழில் செய்யத் தடை விதித்தார்கள். வேலையிடத்தில் இலகு வேலை உண்மையிலேயே இருக்கிறதா என்று மருத்துவர் கேட்டு அறிந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் கருத்து.

கணக்கு எழுதும் எங்களுக்கும் அதில் பாடம் உண்டு. ஒரே தாளில் ‘விடுப்பு இன்ன தேதி வரை, இலகு வேலை இன்ன தேதி வரை’ என்று இரண்டும் இருக்கலாம். அவற்றைச் சேர்த்து ஒன்றாக எழுதக் கூடாது. இலகு வேலை நாள் நோய் விடுப்பு அல்ல. 14 நாளில் அது கழியாது. அன்று அவர் பதிவேட்டில் இருப்பார். ஆனால் எந்த வேலையில் இருந்தார் என்பதையும் பக்கத்தில் குறிக்க வேண்டும். வழக்கமான பாரம் தூக்கும் வேலை என்று இருந்தால் சீட்டுக்கும் ஏட்டுக்கும் பொருத்தமில்லை.

ஊழியர்களாகிய உங்களுக்கு மூன்று செய்திகள் சொல்லி முடிக்கிறேன். வேலைக்கு வர முடியாதபோது 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவித்துவிடுங்கள், அல்லது தெரிவிக்க முயன்றதற்கு அடையாளம் வைத்திருங்கள். குறுந்தகவல் அனுப்பினால் போதும், அதை அழிக்காதீர்கள். இரண்டாவது, எம்.சி.யைக் கொடுப்பதற்கு முன் தேதிகள் தெளிவாகத் தெரியும்படி ஒரு படம் எடுத்து வையுங்கள். மின்னியல் எம்.சி. வந்திருந்தால் அந்தத் தகவலையும் வைத்திருங்கள். மூன்றாவது, சம்பளச் சீட்டு வந்ததும் அந்தப் படத்தைப் பக்கத்தில் வைத்து நாள்களை எண்ணிப் பாருங்கள். மாதக் கடைசியில் வாங்கிய எம்.சி. என்றால் இரண்டு மாதச் சீட்டையும் பாருங்கள்.

பிழை இருந்தால் முதலில் கணக்கு எழுதுபவரிடம் கேளுங்கள். பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் டாடெம் என்று அழைக்கப்படும் முத்தரப்பு அமைப்பிடம் சம்பளக் கோரிக்கை வைக்கலாம். வேலையில் இருப்பவருக்கு ஓராண்டுத் தவணை; வேலையை விட்டவருக்குக் கடைசி வேலை நாளிலிருந்து ஆறு மாதம். அங்கே போகும்போதும் கேட்கப்போவது அந்தப் படத்தைத்தான்.

அந்தச் சமையல்காரர் இப்போதும் எம்.சி. கொடுக்க என் மேசைக்கே வருகிறார். நான் அதை வரி வரியாகப் பிரித்து எழுதி முடிக்கும்வரை பக்கத்தில் நின்று பார்க்கிறார். அதில் எனக்கு வருத்தமில்லை.