கடுதாசிகளின் கதை – 14: தொண்ணூற்றாறு பங்கு

போன வாரம் மரணச் சான்றிதழோடு நிறுத்தினேன். மறந்தவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளட்டும். இந்த வாரம் சேமலாப நிதியும் பின்னுரித்தாளியும் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். ஆனால் அக்குறணையிலிருந்து வந்த ஒரு மனு வரைவு என் வாரத்தைத் தின்றுவிட்டது.

பெண்ணின் பெயரும் அவருடைய கணவர் வேலை பார்த்த நிறுவனமும் வேண்டாம். தொகையைக் கணக்குக்கு வசதியாக மாற்றியிருக்கிறேன். கண்டியில் ஒரு தனியார் நிறுவனத்தில் பதினாறு வருடம் வேலை செய்தவர் மவுத்தாகிவிட்டார். கடைசி மாதச் சம்பளம் 60,000 ரூபா. வீட்டில் மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள். எல்லோரும் பெரிய பிள்ளைகள். அதோடு மவுத்தானவரின் உம்மாவும் உயிரோடு இருக்கிறார். வரைவில் இருந்தது இவ்வளவுதான்: "எனது கணவருக்குச் சேர வேண்டிய சகல பணத்தையும் மனைவியாகிய எனக்கு வழங்குமாறு தயவாய்க் கேட்டுக்கொள்கிறேன்."

எழுதிக் கொடுத்தவரின் கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. பிழை அந்த "எனக்கு" என்ற ஒரு சொல்லில்தான்.

முதலில் "சகல பணம்" என்பதைப் பிரித்துவிடுவோம். முடிந்த மாதத்தின் சம்பள மிச்சமும் பணிக்கொடையும் நிறுவனம் தன் பையிலிருந்து தரவேண்டியவை. சேமலாப நிதி நிறுவனத்திடம் இல்லை. அதற்கு வேறு படிவம், வேறு வாசல். இரண்டையும் ஒரே வரியில் கேட்டால், கணக்குப் பிரிவு "நிதிக்கு எழுதுங்கள்" என்று ஒரு பதிலை அனுப்பிவிட்டு, தான் தரவேண்டியதையும் சேர்த்து மறந்துவிடும்.

பணிக்கொடை 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி வருவது. ஐந்து வருடம் முடித்தவருக்கு, ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தில் அரை மாதம். மரணத்தால் வேலை முடிந்தாலும் உண்டு. ஆனால் முந்திய பன்னிரண்டு மாதத்தில் எப்போதாவது பதினைந்து பேராவது வேலை செய்த இடமாக இருக்க வேண்டும். அக்குறணைக்காரர்கள் நாடு முழுக்கக் கடை வைத்திருப்பவர்கள். நாலைந்து பையன்களோடு நடக்கும் கடையில் வேலை செய்தவரின் வீட்டார் இந்தச் சட்டத்தைக் காட்டிக் கேட்க முடியாது. ஆகவே மனு எழுதுமுன் ஆட்களை எண்ணுங்கள்.

நம்முடைய நிறுவனம் பெரியது. அரை மாதம் 30,000, பதினாறு வருடம்: 480,000 ரூபா. முப்பது நாளுக்குள் கொடுக்க வேண்டும். பிந்தினால் தாமதத்தைப் பொறுத்து 10 வீதத்தில் தொடங்கி 30 வீதம் வரை மேலதிகம் சேரும். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. விதவையின் இத்தா நாலு மாதமும் பத்து நாளும். சட்டத்தின் முப்பது நாளும் அவர் வீட்டுக்குள் இருக்கும்போதே ஓடி முடிந்துவிடும். மகனோ மச்சானோ கடிதத்தைக் கொண்டுபோகலாம். பதிவுத் தபாலில் போட்டாலும் போதும். இத்தா முடியட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. இந்த வீட்டில் காத்திருந்தார்கள்.

இனி அந்த "எனக்கு". பணிக்கொடை இறந்தவரின் வாரிசுகளுக்குப் போவது. இலங்கையில் உயில் எழுதாமல் இறந்த முஸ்லிமுக்கு வாரிசு யார் என்பதை 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அவர் சார்ந்த மத்ஹபிடம் விட்டுவிடுகிறது. அக்குறணையில் அது ஷாபிஈ. பிள்ளை இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று. பிள்ளை இருக்கையில் தாய்க்கு ஆறில் ஒன்று. மிச்சம் பிள்ளைகளுக்கு, மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என்ற கணக்கில்.

தாளில் போட்டுப் பார்த்தேன். இருபத்துநாலில் மனைவிக்கு 3, தாய்க்கு 4, மிச்சம் 17. அந்தப் பதினேழை மகன் இரண்டு, மகள்கள் இரண்டு என்று நாலாக வகுக்க வராது. ஆகவே எல்லாவற்றையும் நாலால் பெருக்க, மொத்தம் 96. மனைவி 12, தாய் 16, மகன் 34, மகள்கள் ஆளுக்கு 17. ஒரு பங்கு 5,000 ரூபா. மகனுக்கு 170,000. மகள்களுக்கு 85,000 வீதம். மாமிக்கு 80,000. மனைவிக்கு 60,000.

அதாவது மனுவில் "எனக்கு" என்று எழுதியவருக்குப் பதினாறு வருடத்திலிருந்து வருவது சரியாக ஒரு மாதச் சம்பளம். அதுவும் மாமியாரைவிடக் குறைவு. வரைவில் மாமியாரின் பெயரே இல்லை! மறைக்க நினைத்தல்ல. "அவங்க வயசாளி, காசு என்னத்துக்குத் தம்பி" என்றுதான் அந்தப் பெண் கேட்டார்.

இந்தக் கணக்கில் இன்னும் விசித்திரம் உண்டு. ஆசிரியர் பொறுத்தருள வேண்டும். கலீபா அலீ மிம்பரில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது ஒருவர் எழுந்து கேட்டாராம்: மனைவி, இரண்டு மகள்கள், தாய், தகப்பன், பங்கு எப்படி? மகள்களுக்கு மூன்றில் இரண்டு, பெற்றோருக்கு ஆறில் ஒன்று வீதம், மனைவிக்கு எட்டில் ஒன்று. இருபத்துநாலில் போட்டால் 16, 4, 4, 3. கூட்டினால் 27! இருப்பதைவிடக் கொடுப்பது கூடிவிட்டது. பேச்சை நிறுத்தாமலே அவர், மனைவியின் எட்டில் ஒன்று ஒன்பதில் ஒன்றாகிவிட்டது என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தாராம். 27இல் 3 என்பது ஒன்பதில் ஒன்றுதானே. எல்லோருடைய பங்கும் சமவிகிதத்தில் சுருங்கும். இதற்கு அவ்ல் என்று பெயர். மிம்பரில் தீர்ந்ததால் இந்தக் கணக்குக்கே மிம்பரிய்யா என்று பெயர் விழுந்துவிட்டது. எனக்குக் கல்குலேட்டரோடு அரை மணி நேரம் போனது.

ஆனால் பங்கு பிரிக்குமுன் கடன் கழிய வேண்டும். கொடுக்காத மஹர் இருந்தால் அதுவும் கணவரின் கடனே. மஹர் பாக்கி என்று கடுத்தப் பதிவில் இருந்தால் அந்தப் பெண் அதை எட்டில் ஒன்றுக்கு முன்னாலேயே பெறலாம். பல பேர் கேட்பதில்லை. இவரிடம் கேட்டேன்; திருமணப் பதிவுத் துண்டு பிங்கா ஓயா பெருகிய ஒரு வருடத்தில் நனைந்து கிழிந்துபோனதாம். அக்குறணையில் இதைச் சொன்னால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. பிரதி எடுக்க விண்ணப்பித்திருக்கிறார்.

ஆக, மனுவைத் திருத்தினோம். "எனக்கு" போய், "கீழே பெயர் குறிப்பிட்ட வாரிசுகளாகிய எமக்கு" வந்தது. அடுத்து ஐந்து பெயர்களும், உறவும், அடையாள அட்டை இலக்கங்களும், ஒவ்வொருவரின் பங்கும். கோரிக்கையில் பணிக்கொடையும் சம்பள மிச்சமும் தனித்தனி இலக்கமிட்டு. இணைப்பாக மரணச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள். மாமியின் உறவைக் காட்ட மவுத்தானவரின் பிறப்புச் சான்றிதழ். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்தி, பிரதேச செயலாளர் மேலொப்பமிட்ட குடும்ப விபரம். பிறகு வாரிசுகள் எல்லோரும் சமாதான நீதவான் முன் கையெழுத்திட்ட சத்தியக்கடதாசி.

கிராம உத்தியோகத்தரின் கடிதம் குடும்பத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லும். பங்கு எவ்வளவு என்பதைச் சொல்லாது. நிறுவனம் அதைப் பார்த்துவிட்டு மனைவியிடமே முழுக் காசோலையையும் கொடுத்துவிடலாம். பின்னால் மவுத்தானவரின் தம்பிமார் உம்மாவின் பங்கைக் கேட்டு வந்தால், நிறுவனம் இரண்டு முறை கொடுக்க விரும்பாது. சண்டை வீட்டுக்குள் வரும். அதனால் ஒருவர் மற்றவருக்கு விட்டுக்கொடுப்பதானாலும் அதைத் தனிக் கடிதமாக எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மனுவில் பெயரை விடாதீர்கள்.

மாமியார் கையெழுத்திடத் தெரியாதவர். பெருவிரல் அடையாளம் வைத்தார். அவர் தன் 80,000ஐ மருமகளுக்கே விடுவதாகச் சொல்லியிருக்கிறார். தனிக் கடிதம் இன்னும் எழுதவில்லை. இனிச் சேமலாப நிதி: அதன் படிவத்தில் பின்னுரித்தாளியின் பெயர்ப் பகுதியில், கலியாணத்துக்கு முன்னால் வேலைக்குச் சேர்ந்த அந்த மனிதர் யாருடைய பெயரை எழுதியிருந்தார் தெரியுமா? அடுத்த வாரம்.