இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே ஒரு எண்

x³ − 2x − 5 = 0. பார்க்கச் சாதாரணமான முப்படிச் சமன்பாடு. 1669-இல் எழுதிய ஒரு கையெழுத்துப் படியில், தன் முறையை விளக்க ஐசக் நியூட்டன் எடுத்துக்கொண்டது இதைத்தான். ஜான் வாலிஸ் 1685-இல் வெளியிட்ட இயற்கணித நூலில் அது அச்சேறியது. அன்று முதல் இன்றுவரை, எண்ணியல் முறைகள் பாடம் நடக்கும் வகுப்பறைகளின் திரையில் இந்தச் சமன்பாடு வந்துகொண்டே இருக்கிறது.

அந்த ஸ்லைடுகளில் ஒரு குறை உண்டு. சூத்திரம் இருக்கும், கீழே ஒரு அட்டவணை இருக்கும், அட்டவணையின் கடைசி வரியில் விடை இருக்கும். ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்கு எப்படிப் போனார்கள் என்பது மட்டும் இருக்காது. மாணவர்களும் அப்படியே நோட்டில் எழுதிக்கொள்வார்கள். அந்த இடைவெளியைக் கையால் கணக்குப் போட்டு நிரப்பிப் பார்த்தால்தான் இந்த முறைகளின் குணம் தெரியவரும்.

முதலில் தேடும் இடத்தைக் குறுக்குவோம். f(x) = x³ − 2x − 5 என்று வைத்துக்கொள்ளலாம். x-க்கு 2 போட்டால் 8 − 4 − 5, அதாவது −1. 3 போட்டால் 27 − 6 − 5, அதாவது 16. ஒரு முனையில் கழித்தல், மறுமுனையில் கூட்டல். வளைகோடு எங்கும் அறுபடாமல் போகிறது என்பதால், நடுவில் எங்கோ அது பூஜ்யத்தைக் கடந்தே ஆக வேண்டும். அந்த இடம்தான் நாம் தேடும் மூலம்.

இருசமக் கூறிடும் முறை இந்த ஒரே உண்மையை வைத்துக்கொண்டே வேலை செய்கிறது. நடுப்புள்ளி 2.5-ஐ எடுக்கிறோம். f(2.5) = 5.625, கூட்டல். அப்படியானால் குறி மாறுவது 2-க்கும் 2.5-க்கும் இடையில், வலது பாதியைத் தள்ளிவிடலாம். அடுத்த நடுப்புள்ளி 2.25. அங்கே 1.8906, மறுபடி கூட்டல், மறுபடி வலது பாதி போகிறது. 2.125-இல் 0.3457, அதே கதை. 2.0625-இல் −0.3513. இப்போது குறி மாறிவிட்டது. இந்த முறை இடது பாதி போகிறது. மூலம் 2.0625-க்கும் 2.125-க்கும் நடுவில் சிக்கிக்கொண்டது.

ஐந்தாவது நடுப்புள்ளி 2.09375. இங்கே f-இன் மதிப்பு −0.0089. கிட்டத்தட்ட வந்துவிட்டோம், உண்மையான விடைக்கும் இதற்கும் ஆயிரத்தில் ஒன்றுகூட வித்தியாசமில்லை. ஆனால் இந்த முறைக்கு அது தெரியாது. அது பார்ப்பது குறியை மட்டும்தான், அளவை அல்ல. கழித்தல் குறி வந்ததால் இடது பாதியைத் தள்ளிவிட்டு, அடுத்து 2.109375-க்குப் போகிறது. அங்கே f-இன் மதிப்பு 0.1668. கையில் கிடைத்ததை விட்டுவிட்டு மூலத்திலிருந்து விலகிப் போய்விட்டது. இதைப் பார்த்துக் கணக்கில் பிழை என்று நினைத்து அழித்துவிட்டு மறுபடி போடுபவர்கள் உண்டு. பிழை ஏதும் இல்லை. இந்த முறை உறுதியளிப்பது ஒன்றைத்தான்: மூலம் அடைபட்டிருக்கும் இடைவெளி ஒவ்வொரு படியிலும் பாதியாகும். நடுப்புள்ளி படிக்குப் படி நெருங்கும் என்று அது சொல்லவே இல்லை.

ஒன்று என்ற அகலத்தில் தொடங்கினோம். இருபது முறை வெட்டினால் அகலம் பத்து லட்சத்தில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவாகும். ஆறு தசம இடங்களுக்கு இருபது படிகள் என்று, தொடங்குவதற்கு முன்பே சொல்லிவிடலாம்.

நியூட்டனின் வழி வேறு. x = 2-இல் வளைகோடு அச்சுக்கு ஒரு அலகு கீழே இருக்கிறது. அந்த இடத்தில் அதன் சாய்வு என்ன? வகைக்கெழு 3x² − 2. அதில் 2-ஐப் போட்டால் 10. வலப்பக்கம் ஒரு அலகு நகர்ந்தால் பத்து அலகு ஏறும் வேகத்தில் வளைகோடு போகிறது என்று பொருள். நமக்கு ஏற வேண்டியது ஒரு அலகுதான். பத்தில் ஒரு பங்கு நகர்ந்தால் போதும். ஆக அடுத்த மதிப்பு 2.1. வளைகோட்டுக்குப் பதிலாக அதன் தொடுகோட்டைப் பிடித்துக்கொண்டு அச்சைத் தொடுகிறோம்; முறை அவ்வளவுதான். ஸ்லைடில் இருக்கும் சூத்திரம் சொல்வதும் இதையே: புதிய x = பழைய x − f(x)/f′(x).

2.1-இல் f-இன் மதிப்பு 9.261 − 4.2 − 5 = 0.061. சாய்வு 11.23. வகுத்தால் 0.00543188. இப்போது அச்சுக்கு மேலே இருப்பதால் கழிக்கிறோம்: 2.09456812. இன்னொரு படி: f = 0.0001857, சாய்வு 11.1616, வகுத்தால் 0.00001664. கழித்தால் 2.09455148. மூன்றே படிகளில் எட்டு தசம இடங்களும் சரியாக வந்துவிட்டன.

விடையிலிருந்து ஒவ்வொரு படியும் எவ்வளவு தள்ளி இருந்தது என்று பாருங்கள். தொடக்கத்தில் 0.0946, பிறகு 0.0054, பிறகு 0.0000166. ஒவ்வொரு பிழையும் முந்தையதன் வர்க்கத்தில் ஏறக்குறைய பாதி. அதனால்தான் சரியான இலக்கங்கள் படிக்குப் படி ஏறத்தாழ இரட்டிப்பாகின்றன.

நியூட்டன் தொடுகோடு வரையவில்லை, வகைக்கெழுவும் எடுக்கவில்லை என்பதை இங்கே சொல்ல வேண்டும். x-க்குப் பதில் 2 + p என்று போட்டு விரித்தார். p³ + 6p² + 10p − 1 = 0 கிடைத்தது. p சிறியது, அதன் வர்க்கமும் முப்படியும் இன்னும் சிறியவை; அவற்றை விட்டுவிட்டால் 10p = 1. ஆக p = 0.1. பிறகு p = 0.1 + q என்று போட்டால் q³ + 6.3q² + 11.23q + 0.061 = 0. மேலே நாம் சாய்வாகக் கண்ட 10-ம் 11.23-ம் இங்கே வெறும் விரிவாக்கத்திலிருந்தே வந்து நிற்கின்றன. ஜோசப் ராப்சன் 1690-இல், படிக்குப் படி புதுச் சமன்பாடு எழுதாமல் பழைய சமன்பாட்டையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் வடிவத்தைத் தந்தார். வகைக்கெழுவின் வழியே எந்தச் சமன்பாட்டுக்கும் பொருந்தும்படி அதை எழுதியவர் தாமஸ் சிம்ப்சன், 1740-இல்.

வேகத்தைப் பார்த்துவிட்டு நியூட்டன் முறையே உயர்ந்தது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. தொடங்கும் இடம் தவறினால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்ல முடியாது. இதே சமன்பாட்டில் 1-இலிருந்து தொடங்குங்கள். f = −6, சாய்வு 1. அடுத்த மதிப்பு 7! அங்கிருந்து 4.77, 3.35, 2.53 என்று மெல்ல இறங்கித்தான் மூலத்துக்கு வர முடிகிறது. 0-இலிருந்து தொடங்கினால் −2.5, −1.57, −0.50, −3.82 என்று மூலமே இல்லாத பக்கத்தில் அலைகிறது. வளைகோடு கிட்டத்தட்டப் படுத்திருக்கும் 0.82, −0.82 ஆகிய இடங்களின் அருகே தொடுகோடு அச்சை வெகு தொலைவில் போய்த் தொடுவதே காரணம். −5-ஐ +2 ஆக்கி x³ − 2x + 2 = 0 என்று எழுதிக்கொண்டு 0-இல் தொடங்கினால் இன்னும் விசித்திரம்: 0-க்கு அடுத்தது 1, 1-க்கு அடுத்தது மறுபடி 0. எத்தனை நாள் உட்கார்ந்து போட்டாலும் முடியாது.

கையால் கணக்குப் போடுகிறவருக்கு இந்த இரண்டு முறைகளுக்கும் இடையே பெரிய வித்தியாசம் வேகத்தில் இல்லை, பிழையைத் தாங்குவதில் இருக்கிறது என்பேன். இதை ஸ்லைடுகள் சொல்வதே இல்லை.

நியூட்டன் முறையில் 2.0945 என்று எழுத வேண்டிய இடத்தில் இலக்கம் இடம் மாறி 2.0495 என்று எழுதிவிட்டதாக வைத்துக்கொள்வோம். அடுத்த படியில் 2.0957 வருகிறது, அதற்கடுத்து 2.094552. இரண்டு படி வீணாயிற்று, அவ்வளவுதான். ஒவ்வொரு படியும் f-ஐப் புதிதாகக் கணக்கிடுவதால், தவறான மதிப்பு இன்னொரு தொடக்கப் புள்ளியாக மாறிவிடுகிறது.

கூறிடும் முறையில் 2.125-இல் வந்த 0.3457-ஐக் கழித்தல் என்று தவறாகக் குறித்துவிட்டால்? 2.125-க்கும் 2.25-க்கும் இடையே தேடப் போய்விடுவோம். மூலம் தள்ளிவிட்ட பாதியோடு போய்விட்டது, திரும்ப வராது. ஆனாலும் இடைவெளி ஒழுங்காகப் பாதியாகிக்கொண்டே வரும், 2.125 என்று ஒரு விடையும் வரும். பிழையைக் காட்டிக்கொடுப்பது f-இன் மதிப்புகள்தான். அவை பூஜ்யத்தை நோக்கி வராமல் 0.3457-இல் போய் நிற்கும். ஒரு முனை கடைசிவரை அசையாமல் இருக்கும். எனவே அட்டவணையில் குறியை மட்டும் எழுதாமல் மதிப்பையும் எழுதுங்கள்.

நியூட்டன் முறையிலும் ஒரு மறைவான தவறு உண்டு. வகைக்கெழுவில் −2-ஐ மறந்து 3x² என்று மட்டும் எழுதிவிட்டால், விடை அப்போதும் சரியாகவே வரும், மெதுவாக. பிழை ஒவ்வொரு படியிலும் ஆறில் ஒரு பங்கு போலக் குறையுமே தவிர இலக்கங்கள் இரட்டிக்காது. இலக்கங்கள் ஒவ்வொன்றாக ஊர்ந்து வந்தால் வகைக்கெழுவைத் திரும்பப் பாருங்கள்.

சயின்டிஃபிக் கால்குலேட்டர் இருந்தால், 2 போட்டு = அழுத்திவிட்டு இதை உள்ளிடுங்கள்; பிறகு =-ஐ அழுத்திக்கொண்டே போகலாம்.

```
Ans-(Ans^3-2Ans-5)/(3Ans^2-2)
```

எண் மாறாமல் நின்றதும் கால்குலேட்டரை மூடிவிட வேண்டாம். f-இல் 2.094551-ஐயும் 2.094552-ஐயும் போட்டுப் பாருங்கள். முதலாவது கழித்தல், இரண்டாவது கூட்டல். மூலம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது என்பது அந்தக் குறி மாற்றத்தாலேயே நிரூபணமாகிவிடுகிறது. நியூட்டன் முறையின் அட்டவணை எவ்வளவு நீளமாக இருந்தாலும் அந்த நிரூபணத்தைத் தராது.