மூணு கட்டத்துல ஒரு திங்கட்கிழமை வேலை

ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒரு சப்ளையர் தளத்துக்குப் போய், புது விலைப்பட்டியல் ஃபைலை டவுன்லோட் பண்றது என் வேலை. அஞ்சு நிமிஷம்தான். ஆனா விட்டுப்போனா, அந்த வாரம் முழுக்க பழைய விலையில பில் போகும்.

நிரல் எழுதுறதுன்னாலே நமக்கு ஆகாது. அதனால ஆட்டோமா. பிரவுசர்ல சேர்க்கிற எக்ஸ்டென்ஷன்தான் இது; கட்டங்களை இழுத்துவந்து ஒண்ணோட ஒண்ணு இணைச்சாப் போதும். எப்போ தொடங்கணும்னு Trigger, தளத்தைத் திறக்க New tab, லிங்க்கை அழுத்த Click element.

சிக்கல் மூணாவதுல. லிங்க்கை மவுஸால தொட்டுக் காட்டினா, கருவி பல நேரம் அதோட இடத்தைத்தான் குறிச்சுக்கும், "பட்டியல்ல மூணாவது"ன்னு. தளத்துக்காரங்க மேல ஒரு லிங்க் சேர்த்தா, மூணாவது வேற ஃபைலாயிடும். Logs பக்கம் எல்லாம் சரியா முடிஞ்சதுன்னுதான் சொல்லும். கைக்கு வந்திருக்கிறது தப்பான பட்டியல். அதனால அந்தப் பெட்டியில நானே இப்படிப் போட்டுட்டேன்:

```
a[href$=".csv"]
```

முகவரி .csv-ன்னு முடியற லிங்க்னு அர்த்தம். பக்கத்துல அப்படி ஒண்ணே ஒண்ணு இருந்தாத்தான் இது சரிவரும். பக்கம் மெதுவா திறந்தா, Wait for selector-ஐ டிக் பண்ணுங்க. லிங்க் வர்ற வரைக்கும் கொஞ்ச நேரம் காத்திருக்கும்.

இதெல்லாம் உங்க கம்ப்யூட்டர்லயேதான் ஓடுது. திங்கட்கிழமை அந்த நேரத்துக்கு பிரவுசர் திறந்திருக்கணும், தளத்துல லாகின் ஆகியிருக்கணும்.