தேனின் நிறமும் மலரின் வகையும்

மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த பகுதிகளில் தேனீ வளர்ப்போருக்கு ஒரு விளக்கம்

மட்டக்களப்பு வாவியின் கிழக்கே எழுவான்கரையும் மேற்கே படுவான்கரையும் உள்ளன. எழுவான்கரையில் தென்னந்தோப்புகள் மிகுதி. படுவான்கரையில் வயல்களும், வேம்பு, புளி, இலந்தை முதலியன வளரும் மேட்டுநிலங்களும், அவற்றிற்கு அப்பாற் காடும் உள. வாவியோரத்திற் கண்ணா, தில்லை முதலிய மரங்கள் நிற்கின்றன. பூக்கள் வேறுபடுவதால் இக்கரைத் தேனும் அக்கரைத் தேனும் ஒரே நிறமாயிருப்பதில்லை.

தேனுக்கு நிறம் தருவன மலரின் அமுதத்தோடு சேர்ந்து வரும் மிகச் சிறிதளவு நிறப்பொருள்களும் தாதுப்பொருள்களுமாகும். இவை குறைந்த தேன் பெரும்பாலும் வெளிறியும் மென்சுவையுடனும் இருக்கும். மிகுந்த தேன் கறுத்தும் சுவை அழுத்தமாயும் இருக்கும். தென்னைத் தேன் வெளிர் பொன்னிறம் முதல் நடுத்தரப் பொன்னிறம் வரை காணப்படும். வேப்பந் தேன் சற்றுக் கருமையாகவும் இலேசான கசப்புடனும் இருக்கும். வங்காளத்துச் சுந்தரவனக் கண்டற் காடுகளிலே, பருவத் தொடக்கத்திற் கல்சி என்னும் மரத்தின் வெளிறிய தேனும், பின்னர் வேறு மரங்கள் பூக்கையிற் கறுத்த தேனும் எடுக்கப்படுகின்றன.

நிறம் பார்க்கும் முறை

வணிகத்தில் ஃபண்ட் என்னும் நிறமானியால் தேனின் நிறம் மில்லிமீற்றரில் அளக்கப்படும். அதன்படி 34 முதல் 50 வரை மிக இளம் பொன்னிறம். 50 முதல் 85 வரை இளம் பொன்னிறம். 85 முதல் 114 வரை பொன்னிறம். அதற்கு மேல் கரும் பொன்னிறம் ஆகும்.

இக்கருவி இல்லாதோர், ஒரே பருமனும் ஒரே கண்ணாடியுமான தெளிந்த போத்தல்கள் மூன்றில் இளநிறம், நடுநிறம், கருநிறத் தேன்களை மாதிரியாக வைத்துக்கொள்ளலாம். புதுத் தேனை மெல்லிய துணியில் வடித்து, நுரையும் குமிழும் மேலெழும்வரை ஆறவிட்டு, அதே வகைப் போத்தலில் நிரப்புக. பின்னர், வெயில் நேரே படாத பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் தாளின் முன் வைத்து ஒப்பிடுக. குமிழ் நிறைந்த தேனும் உறைந்த தேனும் உள்ள நிறத்தினும் வெளிறித் தோன்றும். உறைந்ததை 40 பாகை சதமளவைக்கு மேற்படாத வெந்நீரில் வைத்து இளக்கிய பின்னரே பார்க்க வேண்டும். மாதிரித் தேனும் நாளடைவிற் கறுக்குமாதலால் ஆண்டுதோறும் அதனை மாற்றுக.

ஓர் உதாரணம்

எழுவான்கரைத் தென்னந்தோப்பிற் பெட்டி வைத்திருப்பவருக்கு இளநிறத் தேன் பத்துப் போத்தலும், படுவான்கரையில் வேம்புகளுக்கருகே பெட்டி வைத்திருக்கும் அவர் மைத்துனருக்குக் கருநிறத் தேன் நான்கு போத்தலும் கிடைத்தன எனக் கொள்வோம். இரண்டையும் ஒரே பாத்திரத்திற் கலந்தால், பதினான்கு போத்தலும் மங்கிய நடுநிறமாகி, இலேசான கசப்பையும் பெறும். மென்சுவை நாடுவோருக்கும் அது உதவாது. கருந்தேன் நாடுவோருக்கும் உதவாது. தனித்தனியே வடித்து, கரை, எடுத்த நாள், அதற்கு முந்திய இரண்டு கிழமைகளிற் பூத்திருந்த மரங்கள் ஆகியவற்றைப் போத்தலில் எழுதி வைத்தால், இரண்டும் தத்தம் பெயரால் விலைபோகும். அடுத்த ஆண்டு எந்தப் பூவுக்கு எந்த நிறம் என்பதை அக்குறிப்பே காட்டும்.

நிறம் ஏமாற்றும் இடங்கள்

நிறம் மலரைச் சுட்டும், உறுதிப்படுத்தாது. அதிக சூட்டில் காய்ச்சிய தேன், நெடுநாள் வெப்பத்தில் இருந்த தேன், பழைய கறுத்த வதையிலிருந்து பிழிந்த தேன் ஆகியன எம்மலரினதாயினும் கறுக்கும். கறுத்தது காட்டுத் தேன் என்று நம்புவோரை ஏமாற்ற, கித்துட் பாணி கலப்பதும் உண்டு. மறுபுறம், பெட்டிக்குச் சீனிப்பாகு ஊட்டிய காலத்தில் எடுப்பது மிக வெளிறியிருக்கும். அது பூந்தேன் அன்று. ஐயமிருப்பின், தேனிலுள்ள மகரந்தத்தை நுணுக்குக்காட்டியாற் பார்ப்பதே நம்பத்தக்க வழி. பொதுவாக ஓரினப் பூவின் மகரந்தம் நூற்றுக்கு 45 பங்குக்கு மேலிருந்தால் அப்பூவின் தேன் எனக் கொள்வர். ஆயினும் மகரந்தத்தை மிகையாகவோ குறைவாகவோ தரும் பூக்களுக்கு இவ்வெல்லை மாறும்.

தேன் கெடாமலிருக்குமா என்பதையும் நிறம் காட்டாது. வெளிறிய தேனோ கறுத்த தேனோ, தேனீக்கள் மெழுகால் மூடாத வதையிலிருந்து எடுத்தால் நீர் மிகுந்து புளிக்கும். அனைத்துலக விதிப்படி தேனில் நீர் நூற்றுக்கு 20 பங்குக்கு மேற்படலாகாது. ஆதலின் முதலில் மூடிய வதையைத் தெரிந்தெடுக்க. பின்னரே நிறம் பிரிக்க.