பெயர் தேடிய கருவி

புதிய பொருள் ஒன்றைக் காணும் மனிதர், தாம் முன்பே அறிந்த பொருள்களுள் எதனோடு அதனைச் சேர்க்கலாம் என்றே முதலில் எண்ணுகிறார். அது நாற்காலியா, மேசையா, பெட்டியா என்று மனம் ஒரு வகையைத் தேடுகிறது. வகை கிடைத்துவிட்டால் பயனும் விலையும் தாமே விளங்கும். எந்த வகையிலும் அடங்காத பொருள் சந்தைக்கு வரும்போது, வாங்குவோர் அதனை அருகிலுள்ள பழைய வகையில் வைத்து அளந்து, குறையுடையது என்று ஒதுக்கிவிடக்கூடும். 1979ஆம் ஆண்டு ஜப்பானின் சோனி நிறுவனம் வெளியிட்ட சிறு இசைக்கருவிக்கு இந்த இடர் நேரவிருந்தது.

அக்கருவிக்குத் தாயாக இருந்தது 'பிரஸ்மேன்' என்னும் ஒலிப்பதிவுக் கருவி. செய்தியாளர்கள் பேட்டிகளைப் பதிவுசெய்வதற்காகக் கையடக்கமாகச் செய்யப்பட்டது அது. நீண்ட விமானப் பயணங்களில் நல்ல இசை கேட்க விரும்பிய நிறுவனர் மசாரு இபுகா, அப்போது கிடைத்த கனமான ஸ்டீரியோ கருவியைச் சுமந்து செல்ல வேண்டியிருந்தது. எனவே, சிறியதாக ஒன்று வேண்டுமெனக் கேட்டார். பொறியாளர்கள் பிரஸ்மேனிலிருந்து பதிவுசெய்யும் பகுதியையும் ஒலிபெருக்கியையும் நீக்கினர். அவ்விடத்தில் ஸ்டீரியோ ஒலிக்கான மின்சுற்றை அமைத்தனர். ஏறத்தாழ 50 கிராம் எடையுள்ள ஹெட்போன் ஒன்றும் உடன் சேர்ந்தது. அதுவரை வீடுகளில் பயன்பட்ட ஹெட்போன்கள் இதனைவிடப் பன்மடங்கு கனமானவை.

கருவி செம்மையாக இயங்கியது. ஆயினும், அதனை என்னவென்று சொல்வது? பழைய வகைப்படி அது ஓர் ஒலிப்பதிவுக் கருவி. ஆனால் அதனால் எதையும் பதிவுசெய்ய இயலாது. அது ஒரு வானொலிப் பெட்டியும் அன்று. 'பதிவுசெய்யாத ஒலிப்பதிவுக் கருவியை யார் வாங்குவர்?' என்னும் ஐயம் நிறுவனத்திற்கு உள்ளேயே எழுந்தது. அந்த ஐயம் கருவியைப் பற்றியதன்று. அதனைக் குறிக்க இருந்த சொல்லைப் பற்றியது. கண்ணாடியைக் கதவு என்று அழைத்துவிட்டு அது திறக்கவில்லையே என வருந்துவது போன்றது அது. தலைவர் அகியோ மொரிட்டா இதனைப் பழைய வகையில் வைத்துப் பார்க்கவில்லை. நாள் முழுதும் இசை கேட்க விரும்பும் இளைஞர்களுக்கான கருவி என்று அவர் கண்டார். கோடை விடுமுறைக்குமுன் அது வெளிவர வேண்டும் எனவும், விலை 40,000 யென்னுக்குள் இருக்க வேண்டும் எனவும் அவர் வற்புறுத்தினார். முடிவில் 33,000 யென் விலையிடப்பட்டது.

பெயர்சூட்டும் பணி இளம் ஊழியர்களிடம் சென்றது. பிரஸ்மேன் என்னும் பழம்பெயரின் ஈற்றோடு, நடத்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைச் சேர்த்து 'வாக்மேன்' என்று அமைத்தனர். அப்போது புகழ்பெற்றிருந்த சூப்பர்மேன் திரைப்படமும் அவர்கள் நினைவில் இருந்தது. ஆங்கில மரபுக்கு ஒவ்வாத இத்தொடர் மொரிட்டாவுக்குப் பிடிக்கவில்லை. 'வாக்கிங் ஸ்டீரியோ' என்பதுபோல் இலக்கணம் பொருந்த மாற்றலாம் என அவர் கருதினார். ஆனால், விளம்பரங்கள் முன்னரே உருவாகிவிட்டன.

நம் இலக்கணம் பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் பகுக்கிறது. வாக்மேன் என்பது காரணப்பெயர். எனினும், அது கருவியின் உறுப்புகளையோ செயலையோ சொல்லவில்லை. அதனை வைத்திருக்கும் மனிதரைச் சொல்கிறது. 'இது என்ன?' என்னும் வினாவை விடுத்து, 'இதனைக் கொண்டு நான் எப்படியிருப்பேன்?' என்னும் வினாவுக்கு அது விடையளித்தது. வழுவுடைய அச்சொல் வென்றதன் காரணம் இதுவே எனலாம்.

வெளிநாடுகளில் முதலில் வேறு பெயர்கள் இடப்பட்டன. அமெரிக்காவில் 'சவுண்டபவுட்', இங்கிலாந்தில் 'ஸ்டோஅவே', சுவீடனில் 'ஃப்ரீஸ்டைல்'. ஸ்டோஅவே என்பது பயணச்சீட்டின்றிக் கப்பலில் ஒளிந்து செல்பவரைக் குறிக்கும் சொல். மடித்து வைத்துக்கொள்ளலாம் என்னும் குறிப்பு அதில் இருந்தாலும், இசையும் இல்லை, நடையும் இல்லை. இதற்கிடையே, ஜப்பானுக்கு வந்து சென்ற பயணிகள் வாக்மேன் என்னும் சொல்லையும் கருவியோடு எடுத்துச் சென்றனர். மொரிட்டா எல்லா நாடுகளுக்கும் அந்த ஒரே பெயரை விதித்தார்.

பெயர் மட்டும் பொருளை விளக்கிவிடாது. செய்தியாளர்களுக்கு அறிமுகப்படுத்த நிறுவனம் அரங்கம் எதனையும் தேர்ந்தெடுக்கவில்லை. அவர்களைப் பேருந்தில் ஏற்றி டோக்கியோவின் யோயோகிப் பூங்காவுக்கு அழைத்துச் சென்றது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு வாக்மேன் தரப்பட்டது. விளக்கவுரையே ஒலிநாடாவில் இருந்தது. அதனைக் கேட்டுக்கொண்டே, கருவியை அணிந்த இளைஞர்கள் மிதிவண்டியில் செல்வதை அவர்கள் கண்டனர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊழியர்கள் ஹெட்போன் அணிந்து நகர இரயில்களில் சுற்றிவந்தனர். அக்கால மக்களுக்கு அது புதிய காட்சி. அருகில் இருப்பவர் வினவினால் ஹெட்போனை அவர் காதில் வைப்பது எளிது. ஸ்டீரியோ ஒலியைச் சொற்களால் விளக்குவது கடினம். கேட்கச் செய்வதற்குச் சில நொடிகள் போதும்.

1979 ஜூலை முதல் நாள் விற்பனை தொடங்கியது. முதலில் செய்யப்பட்டவை 30,000 கருவிகள். ஜூலை முடியும்போது ஏறத்தாழ 3,000 மட்டுமே விற்றிருந்தன. பொருளை வாங்குவோர் புரிந்துகொள்ளவில்லையா, அல்லது புரிந்தும் விரும்பவில்லையா என்பதை இத்தகைய எண்ணிக்கை ஒன்றே காட்டிவிடாது. கேட்டுப் பார்த்தவர்கள் வாங்குகிறார்களா என்று கவனிப்பதே அதனை அறியும் வழி. இங்குக் கேட்டவர் பிறருக்குச் சொல்ல, ஆகஸ்டு முடிவதற்குள் எஞ்சியவை அனைத்தும் தீர்ந்தன.

நிறுவனத்தின் விளக்கத்திலும் ஒரு பிழை இருந்தது. தனியே இசை கேட்பது உடனிருப்பவரை அவமதிப்பதாகும் என மொரிட்டா எண்ணினார். அதனால் இருவர் கேட்க இரண்டு ஹெட்போன் துளைகள் அமைந்தன. ஆரஞ்சுநிறப் பொத்தானை அழுத்தினால் இசை தணிந்து, இருவரும் ஒலிவாங்கி வழியாகப் பேசிக்கொள்ளலாம். வாங்கியவர்களோ கருவியைப் பகிரவில்லை; ஒவ்வொருவரும் தமக்கென ஒன்றை வைத்துக்கொண்டனர். 1981இல் வந்த அடுத்த வடிவத்தில் அந்தப் பொத்தான் இல்லை. கருவி எதற்காக என்பதை இங்கு வாங்குவோர் செய்தவருக்குக் கற்பித்தனர்.

வேறொரு விளைவும் நேர்ந்தது. புதிய வகைக்கு இரண்டு பெயர்கள் வேண்டும்: ஒன்று நிறுவனத்திற்குரிய சிறப்புப்பெயர், மற்றொன்று யார் செய்தாலும் பொருந்தும் பொதுப்பெயர். போட்டி நிறுவனங்கள் இதேபோன்ற கருவிகளை வெளியிட்டபோது, 'தனியாள் ஸ்டீரியோ' என்னும் பொருள்படும் பொதுப்பெயர் ஆங்கிலத்தில் வழங்கியது. அது விற்பனைப் பட்டியல்களில் நின்றதேயன்றி, மக்கள் நாவில் ஏறவில்லை. தமிழ்நாட்டிலும் எந்த நிறுவனத்தின் கருவியாயினும் வாக்மேன் என்றே சொல்லப்பட்டது. பிரான்சில், உலாவுதலைக் குறிக்கும் சொல்லிலிருந்து 'பலதேர்' என்னும் பொதுப்பெயரை அரசே 1980களில் பரிந்துரைத்தது. சுவீடனில், கைவிடப்பட்ட ஃப்ரீஸ்டைல் என்னும் பெயரே அவ்வகைக் கருவிகள் அனைத்திற்கும் பொதுச்சொல்லாக நிலைத்தது. ஆஸ்திரியாவில் இது வழக்காக மாறியது. அகராதியும் அச்சொல்லைப் பொதுப்பெயராகப் பதிந்திருந்ததை நீதிமன்றம் கருத்தில் கொண்டது. வாக்மேன் என்னும் சொல்லைப் பிறர் வழங்குவதைச் சோனி அந்நாட்டில் தடுக்க இயலாது என 2002இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.