தரவெடுப்புப் படிவமும் பொதுக்கூறுகளும்: புலம்பெயர் தமிழரின் மனவடு ஆய்வுகளை முன்வைத்து

ரொறன்ரோவிலும் அவுஸ்திரேலியாவிலும் வாழும் ஈழத்தமிழரின் மனவடு பற்றிய ஆய்வுகளை ஒருங்கே மீளாய்வு செய்வோர், அவற்றின் பொதுக்கூறுகளைப் பட்டியலிட்டே தரவெடுப்புப் படிவத்தை அமைப்பர். நோய் விகிதம் இவ்வாய்வுகளின் பொதுவான கூறாதலால், அதற்கு ஒரு கட்டமே போதும் எனத் தோன்றும். ஆயின், 1 முதல் 4 வரை மதிப்பெண் இடும் ஹார்வர்ட் மனவடு வினாக்கொத்தில் சராசரி 2.5 ஐ எட்டியோர் என்பது, அண்மைக்கால அறிகுறி மிக்கோரின் தொகை. நோய்கணிப்பு நேர்காணலில், வாழ்நாளில் ஒருமுறையேனும் நோயுற்றோர் என்பது வேறொரு தொகை. எனவே அக்கட்டம் கருவி, வெட்டுப்புள்ளி, காலவரை, கணக்கில் கொள்ளப்பட்டோர் தொகை என நான்காகப் பிரிதல் வேண்டும். கட்டுரை கூறாததைக் ‘குறிப்பிடப்படவில்லை’ எனப் பதிதல் நன்று. வெற்றிடம் விடின், நிரப்பியவர் தவறவிட்டாரோ எனும் ஐயம் எஞ்சும். இருவர் தனித்தனியே மூன்று நான்கு கட்டுரைகளுக்குப் படிவத்தை நிரப்பி ஒப்பிடுகையில், மீண்டும் மீண்டும் ஒரே கட்டத்தில் விடைகள் மாறுபடின், பிழை பெரும்பாலும் படிவத்தினதே.